மாடிப்படிக்குள் புகை வருவதற்குள்

2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் கீழ்மாடி வீடொன்றின் படுக்கையறையில், குளிருக்காக ஓடிக்கொண்டிருந்த மின்சார ஹீட்டரிலிருந்து தீ பிடித்தது. காலை 11 மணி வாக்கில் நடந்ததால் பெரும்பாலானோர் விழித்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தார்கள். தீ அந்த வீட்டையும் அதையொட்டிய நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லோரையும் கொன்றது புகை.

அந்த வீட்டார் வெளியே ஓடியபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய வாசல் கதவு மூடிக்கொள்ளவில்லை. புகை நடைக்கு வந்தது, அங்கிருந்து மாடிப்படிக்குள் புகுந்தது. மேலே 15-வது மாடியிலும் படிக்கட்டின் கதவு ஒன்று திறந்தே இருந்தது. கீழே நுழைய வழியும் மேலே வெளியேற வழியும் கிடைத்துவிட்டதால் மாடிப்படியே புகைபோக்கியானது. அந்தக் கட்டிடத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கடி பொய்யாக ஒலித்து வந்ததால், அன்று மணி கேட்டும் உடனே கிளம்பாதவர்கள் பலர். கிளம்பியபோது படிகளில் கண் தெரியவில்லை.

கட்டிடம் வடிவமைப்பவர்கள் தீயைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டிய முக்கியமான கேள்வி இந்த ஒரு நிகழ்வுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற எவ்வளவு நேரம் வேண்டும்? மாடிப்படி எவ்வளவு நேரம் நடக்கக்கூடியதாக இருக்கும்? முதலாவதைத் தேவைப்படும் நேரம் என்றும், இரண்டாவதைக் கிடைக்கும் நேரம் என்றும் வைத்துக்கொள்வோம். தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் இவற்றை ஆர்செட், ஏசெட் என்று குறிப்பிடுவார்கள். கிடைக்கும் நேரம் தேவைப்படும் நேரத்தைவிட நல்ல இடைவெளியோடு கூடுதலாக இருக்க வேண்டும். கணக்கின் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் இரண்டு நேரங்களும் எதனால் கூடுகின்றன, எதனால் குறைகின்றன என்பதைப் பலரும் தவறாகவே ஊகிக்கிறார்கள்.

ஒரு லாட்ஜை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைச் சுற்றி இருப்பதைப் போன்ற, தரைத்தளமும் அதன் மேல் நான்கு மாடிகளும் கொண்ட கட்டிடம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட கற்பனைக் கட்டிடம். மாடிக்கு 25 பேர் வீதம் 100 பேர் தங்கியிருக்கிறார்கள். நடுவில் 1.2 மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு மாடிப்படி. நள்ளிரவில் முதல் மாடி அறை ஒன்றில் ஃபோம் மெத்தை தீப்பிடிக்கிறது.

முதலில் நடக்கும் நேரம். படியில் இறங்குபவர்கள் சுவரையோ கைப்பிடியையோ உரசிக்கொண்டு போக மாட்டார்கள். இரு பக்கமும் சுமார் 15 சென்டிமீட்டர் விட்டுத்தான் நடப்பார்கள். ஆகவே 1.2 மீட்டர் படியில் உண்மையாகப் பயன்படுவது 0.9 மீட்டர். இப்படிப் பயன்படும் அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும், நெரிசலான நிலையில், நொடிக்கு ஒருவர் இறங்கலாம் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவு. நூறு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அவர்கள் கீழ்ப்படியைக் கடக்க ஏறக்குறைய 110 நொடி ஆகும். அறையிலிருந்து நடை வழியாகப் படிக்கு வந்து முதல் ஆள் கீழே சேர 20 நொடி சேர்த்தால் இரண்டேகால் நிமிடத்துக்குள் கட்டிடம் காலியாகிவிடும்.

படியை 1.5 மீட்டராக அகலப்படுத்தினால் என்ன கிடைக்கும்? அரை நிமிடத்துக்கும் குறைவு. அனுமதி வாங்கும்போது படி அகலத்தைப் பற்றித்தான் அதிகம் வாதாடுகிறோம். ஆயிரக்கணக்கானோர் கூடும் திருமண மண்டபத்திலும் திரையரங்கிலும் அந்த வாதம் நியாயமானது. இந்த லாட்ஜில் உயிரைத் தீர்மானிப்பது வேறொன்று.

நடக்கத் தொடங்கும் முன்னால் மூன்று கட்டங்கள் கழிய வேண்டும். தீ இருப்பதை ஏதாவது ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் செய்தி மணியாகவோ குரலாகவோ எல்லோரையும் எட்ட வேண்டும். கேட்டவர்கள் எழுந்து, நம்பி, அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். நடையில் ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் முதல் கட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைக்கலாம். அறைக்குள்ளேயே இருந்தால் அதைவிடக் குறையும். பல இடங்களில் டிடெக்டர் அடித்தவுடன் மணி ஒலிப்பதில்லை. வரவேற்பு மேசையில் உள்ள பேனலில் விளக்கு எரியும், ஊழியர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார், பிறகுதான் மணி. அந்த ஏற்பாட்டால் சில நிமிடங்கள் சத்தமில்லாமல் போய்விடும்.

மூன்றாவது கட்டம்தான் பெரிது. மணி கேட்டதும் மனிதர்கள் ஓடுவதில்லை. என்ன சத்தம் என்று யோசிப்பார்கள், கதவைத் திறந்து பார்ப்பார்கள், பக்கத்து அறையைத் தட்டுவார்கள், சட்டையும் செருப்பும் பையும் தேடுவார்கள், தூங்கும் குழந்தையை எழுப்புவார்கள். இதற்கென்று பிரிட்டனில் வெளியான பிடி 7974-6 என்ற வழிகாட்டி ஆவணத்தின் 2004 பதிப்பு சில நேரங்களை முன்வைத்தது. விழித்திருக்கும், கட்டிடத்தை அறிந்த, பயிற்சி பெற்ற அலுவலகப் பணியாளர்கள் அரை நிமிடத்தில் கிளம்பத் தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் எல்லோரும் கிளம்பிவிடலாம். தூங்கிக்கொண்டிருக்கும், இடம் புதிதான ஹோட்டல் விருந்தினர்களுக்கோ, நல்ல நிர்வாகம் உள்ள ஹோட்டலிலேயே, முதல் சிலர் கிளம்ப 15 நிமிடம், கடைசி ஆட்கள் கிளம்ப அதற்கு மேலும் 15 நிமிடம்.

நம் லாட்ஜுக்கு அந்த நல்ல நிர்வாக அளவையே தாராளமாகக் கொடுப்போம். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம், கிளம்ப முப்பது நிமிடம், இறங்க ஒரு நிமிடம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பாததால் படியில் வரிசையே இருக்காது. ஆகவே இறங்கும் நேரம் முன்பு கண்டதைவிடவும் குறைவு. தேவைப்படும் நேரம் மொத்தம் 33 நிமிடம். அதில் படியில் கழிவது ஒரு நிமிடத்துக்கும் கீழே.

இப்போது கிடைக்கும் நேரம். மாடிப்படி எப்போது பயன்படாமல் போகிறது? பலர் நினைப்பதுபோல் அது சூடாகும்போது அல்ல. நச்சு வாயு உயிருக்கு ஆபத்தான அளவைத் தொடுவதற்கும் பெரும்பாலும் முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. கண் தெரியாமல் போகிறது. இடம் பழகாதவர்களுக்கு 10 மீட்டர் தொலைவு, சிறிய இடங்களில் 5 மீட்டர் தொலைவு பார்க்க முடிய வேண்டும் என்பது கணக்கிடுவோர் வைத்துக்கொள்ளும் எல்லை. அதற்குக் கீழே போனால் மக்கள் தயங்குவார்கள், திரும்புவார்கள்.

புகையைக் கறுப்பாக்குவது அதில் மிதக்கும் கரித்துகள். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் கரி இருந்தால் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. கரியின் கிராம் அளவை 8.7 ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 3-ஐ வகுத்தால், சாதாரண சுவரும் படியும் எத்தனை மீட்டர் வரை தெரியும் என்ற விடை கிடைக்கும். ஒளிரும் பலகைகள் இன்னும் சற்றுத் தொலைவு வரை தெரியும்.

நம் லாட்ஜின் படிக்கட்டு அறை 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து மேல்தளம் வரை 15 மீட்டர் உயரம். அதன் கொள்ளளவு 190 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பார்வைத் தூரம் 5 மீட்டராகச் சுருங்க வெறும் 13 கிராம் கரி போதும். மெத்தை ஃபோம் எரியும்போது அதன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கரியாக மாறக்கூடும். அப்படியானால், எரிந்த புகை முழுவதும் படிக்குள் சேர்ந்தால், 100 கிராம் ஃபோம் போதும். கையில் அள்ளக்கூடிய ஒரு துண்டு அது. ஒரு முழு மெத்தையின் எடையோ பல கிலோ.

புகை முழுவதும் படிக்குள் போகாது என்பது உண்மைதான். பத்தில் ஒரு பங்கு மட்டும் போகிறது என்று கொள்வோம். அப்போது ஒரு கிலோ ஃபோம் எரிய வேண்டும். தீ மிதமான வேகத்தில் வளர்ந்தால், சுடர் எழுந்த மூன்றாவது நிமிடத்தில் அது எரிந்திருக்கும். வேகமாக வளர்ந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே. நான்காவது நிமிடத்தில், மிதமான தீயிலும்கூட, படியில் இரண்டு மீட்டருக்கு மேல் தெரியாது. புகை எல்லா மட்டத்திலும் ஒரே சீராகக் கலக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் சூடான புகை மேலே போய்த் திரளும். தீயிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நான்காம் மாடிக்காரர்களுக்குத்தான் படி முதலில் அடைபடக்கூடும்.

ஆக, அறைக் கதவும் திறந்திருந்து, படிக்குக் கதவே இல்லாதிருந்தால், தேவை 33 நிமிடம், கிடைப்பது மூன்று நிமிடம். எல்லோரும் விழித்திருக்கும் பகலாகவே வைத்துக்கொண்டாலும் தேவை ஐந்தரை நிமிடத்துக்குக் கீழே இறங்காது. பத்து முறை மாற்றிப் போட்டாலும் இந்தக் கணக்கு தேறாது. படியை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் தேறாது.

இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஓடுபவையும் அல்ல. ஜப்பானில் ஜின் என்ற ஆய்வாளர் 1970-களில் புகை நிரப்பிய நடையில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார். கண்ணை எரிக்கும் புகையில், ஓரளவு அடர்த்தி வந்ததுமே, நடை வேகம் இருட்டில் சுவரைத் தடவி நடப்பவரின் வேகத்துக்குச் சரிந்தது. அதாவது கிடைக்கும் நேரம் தீரத் தொடங்கும்போதே தேவைப்படும் நேரம் நீளத் தொடங்குகிறது. தெளிந்த காற்றில் நடக்கும் வேகத்தை வைத்துக் கணக்கை நெருக்கமாக முடித்துவிட்டு, ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் எங்கே கை வைப்பது? கிடைக்கும் நேரத்தை நிமிடங்களிலிருந்து அரை மணிக்கும் மேலாக உயர்த்தக்கூடியது கதவுதான். தானாக மூடிக்கொள்ளும் அறைக் கதவு ஒன்று, தானாக மூடிக்கொள்ளும் படிக்கட்டுக் கதவு ஒன்று. புகை இந்த இரண்டையும் கடந்துதான் படிக்கு வர வேண்டும்.

இங்கே வடிவமைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மணி நேர ஃபயர் டோர் என்று சான்றிதழ் காட்டுவார்கள். அது உலையில் வைத்து, கதவு எரிந்து ஓட்டையாகாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்த சோதனை. முதல் நிமிடத்திலிருந்தே அடியிடுக்கில் கசியும் சற்றே ஆறிய புகையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிக்கட்டுக் கதவு ஒரு மீட்டர் அகலம், அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி. நம் தளங்களில் டைல்ஸ் ஒட்டிய பிறகு கதவைச் சீவும்போது இது சாதாரணமாக நடக்கும். நடையில் ஒரு மீட்டருக்கு மேல் தெரியாத அளவு புகை நிற்கிறது, படிக்கும் நடைக்கும் இடையே 5 பாஸ்கல் அழுத்த வேறுபாடு மட்டுமே இருக்கிறது என்று கொள்வோம். அந்த இடுக்கு வழியாக 30 நிமிடத்தில் சுமார் 33 கன மீட்டர் புகை படிக்குள் போய்விடும். கதவை ஒருவருமே திறக்காதபோதும், படியில் பார்வைத் தூரம் ஐந்தரை மீட்டருக்கு வந்துவிடும். நம் எல்லையின் விளிம்பு அது.

அதே இடைவெளியை 3 மில்லிமீட்டராக்கினால், அதே அரை மணி முடிவில் ஏறக்குறைய 18 மீட்டர் தெரியும். கதவை மாற்றவில்லை, இரும்பைத் தடிமனாக்கவில்லை. அடியில் இறங்கி மூடும் சீல் ஒன்றும், சட்டத்தைச் சுற்றிப் புகை தடுக்கும் ரப்பர் பட்டையும் வைத்ததில் கிடைத்த வேறுபாடு இது. கட்டி முடித்த கட்டிடத்தில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவை மெதுவாக விட்டுவிட்டு அது தாழ்ப்பாள் விழும்வரை மூடுகிறதா என்று பாருங்கள். மூடியபின் ஒரு தாளை இடுக்கில் செருகிச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். தாள் தடையின்றி ஓடும் இடமெல்லாம் புகையும் ஓடும்.

கதவு திறக்கும்போது ஒவ்வொரு முறையும் ஓரிரு கன மீட்டர் புகை உள்ளே வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால்தான் உயரமான கட்டிடங்களில் படிக்கு முன்னால் சிறு லாபி வைத்து இரண்டு கதவுகள் போடுகிறார்கள், அல்லது விசிறி வைத்துப் படிக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். அழுத்தம் கூட்டினால் அதுவும் ஒரு கணக்கைக் கேட்கும். 50 பாஸ்கல் அழுத்தத்தில், படியை நோக்கித் திறக்கும் சாதாரண அளவுக் கதவைத் தள்ளக் கைப்பிடியருகே மட்டும் 50 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். டோர் குளோசரின் எதிர்ப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதியவரோ சிறுவரோ அதைத் தள்ள முடியுமா என்பதை நேரில் தள்ளிப் பார்க்க வேண்டும்.

நம் ஊரின் பழைய கட்டிடங்களில் பலவற்றில் படிக்கட்டு வெளிச்சுவரோடு ஒட்டி, ஜாலி வைத்துக் காற்றோட்டமாக இருக்கும். புகை அங்கே தேங்காமல் வெளியேறிவிடும், அதனால் கிடைக்கும் நேரம் இயல்பாகவே நீளும். முகப்பு அழகுக்காகக் கண்ணாடியும் அலுமினியப் பலகையும் வைத்து அந்தத் திறப்பை அடைக்கும்போது, அந்த நேரத்தையும் சேர்த்தே அடைக்கிறோம். இதைவிட மோசமான பழக்கம் இன்னொன்று. மாடிப்படியின் கீழேயே மின் மீட்டர் பலகை, பக்கத்தில் இரு சக்கர வாகனங்கள், அவற்றில் சில சார்ஜ் போட்டபடி. தீயே படிக்கட்டுக்குள் தொடங்கினால் இடையில் நிற்க எந்தக் கதவும் இல்லை, கிடைக்கும் நேரம் தொடக்கத்திலேயே பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் கடையில் எழுந்த தீயின் புகை, மேலே இருந்த லாட்ஜின் படி வழியே ஏறியபோது 8 பேர் இறந்தார்கள். சிலர் ஜன்னல்களிலிருந்து குதித்தார்கள்.

கதவுகளை நம்பிப் போட்ட கணக்கை ஒரே நொடியில் கலைக்கக்கூடிய வேறொன்றையும் சொல்ல வேண்டும். 2003 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் ஓர் அரசு அலுவலக உயர்மாடிக் கட்டிடத்தின் 12-வது மாடியில் தீப்பிடித்தது. அணைக்க வந்த வீரர்கள் படிக்கட்டுப் பக்கமிருந்து அந்த மாடியின் கதவைத் திறந்தார்கள். குழாயோடு உள்ளே போக வேறு வழியில்லை. புகை படிக்குள் பாய்ந்தது. மேலே இருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ஏறி வேறு மாடிக்குள் நுழையப் பார்த்தார்கள். படிக்குள் இருந்து திறக்க முடியாதபடி கதவுகள் பூட்டியிருந்தன. ஆறு பேர் படிக்கட்டிலேயே இறந்து கிடந்தார்கள். படிக்கு வந்து சேர்ந்தவரைக் காப்பாற்றப்பட்டவராக எண்ணும் கணக்கில் இந்த ஆறு பேருக்கும் இடம் இல்லை. தேவைப்படும் நேரம் படியின் வாசலில் முடிவதில்லை, தெருவில் கால் வைக்கும்போதுதான் முடிகிறது. தீயணைப்போர் கதவைத் திறக்கும் நேரமும் அந்தக் கணக்கில் ஒரு காட்சியாக இருக்க வேண்டும். ஒரே படி உள்ள கட்டிடத்தில் அந்தக் காட்சியை எப்படிப் போட்டாலும் விடை நல்லபடி வராது. இரண்டாவது படிக்கு இருக்கும் நியாயங்களில் இதுதான் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

இந்த முறையையே குறை சொல்பவர்களும் உண்டு. தீ ஆராய்ச்சியாளர் வைட்டெனிஸ் பாப்ரௌஸ்கஸும் உடன் எழுதியவர்களும் 2010-இல், இரண்டு நேரங்களை ஒப்பிடும் இந்தச் சிந்தனையே பழுதுள்ளது என்று வாதாடினார்கள். மனிதர்களின் நடத்தையும் தீயின் வேகமும் மிகவும் வேறுபடுகின்றன, சராசரியை வைத்துப் போடும் கணக்கு மெதுவானவர்களையும் உதவி தேவைப்படுபவர்களையும் வெளியே விட்டுவிடுகிறது என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலை. ஆனால் கணக்கை விட்டுவிடுவதைவிட, எந்த அனுமானத்தில் போட்டோம் என்று வெளிப்படையாக எழுதுவது நல்லது என்பேன்.

நம் லாட்ஜைத் திருத்தினால் இப்படி எழுதலாம். அறைக்குள் டிடெக்டர், ஊழியர் போய்ப் பார்க்கும்வரை காத்திராமல் உடனே எல்லா மாடியிலும் ஒலிக்கும் மணி, தமிழிலும் இந்தியிலும் எது எரிகிறது, எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவுக் குரல். பொய் மணி ஒலித்தால் மறுநாளே காரணம் கண்டு சரிசெய்யும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவருக்கு. அறைக் கதவிலும் படிக் கதவிலும் குளோசர், சீல். படிக்கடியில் மீட்டர் இல்லை, வண்டி இல்லை. படியின் உச்சியில் புகை வெளியேற ஜன்னல். கணக்கின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள்: எந்தக் கதவு மூடியிருப்பதாகக் கொண்டோம், கடைசி ஆள் எத்தனாவது நிமிடத்தில் கிளம்புவதாகக் கொண்டோம், மூடியிருக்க வேண்டிய அந்தக் கதவில் ஒன்றுக்கு யாரோ கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தால் விடை என்னவாகும். மூன்றாவது வரிக்கு விடை மூன்று நிமிடம் என்றே வருமானால், அந்த மாடிக்கு இரண்டாவது படியோ, புகை நுழையாதபடி பிரித்த ஒரு காத்திருப்பு இடமோ வரைபடத்தில் வந்தாக வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் விருந்தினருக்கு அந்த இடம் எல்லா நிலையிலும் வேண்டும். படிக்கான கணக்கு எதிலும் அவர் இல்லை.